ஐம்பதுகளில் கண்ணுக்குள் புது லென்ஸ்: போகும் முன் கண்ணாடிச் சீட்டை எடுத்துப் பாருங்கள்

ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் படிக்கிற கண்ணாடியே வேண்டாம் என்று சொல்லி ஒரு அறுவை சிகிச்சையை இப்போது பல தனியார் கண் மருத்துவமனைகள் முன்வைக்கின்றன. கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு, வேண்டிய பவரில் செயற்கை லென்ஸ் பொருத்துவதுதான் அது. லென்ஸ் மாற்று சிகிச்சை என்றோ ஆர்எல்இ என்றோ சொல்வார்கள். செய்முறையைப் பார்த்தால் கண்புரை ஆபரேஷனேதான். கண்புரையில் லென்ஸ் மங்கியிருப்பதால் எடுக்கிறார்கள். இதிலோ தெளிவாக இருக்கும் லென்ஸை, கண்ணாடியைத் தவிர்ப்பதற்காக எடுக்கிறார்கள். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும். புரை உள்ளவருக்கு ஆபரேஷனுக்குப் பின் எது கிடைத்தாலும் முன்பைவிட மேல். உங்களுக்கு அப்படி இல்லை. இன்று கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரிகிற கண்ணைத்தான் மேசையில் வைக்கிறீர்கள்.

வெள்ளெழுத்து ஏன் வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இளவயதில் லென்ஸ் மிருதுவாக இருக்கும். அருகில் பார்க்கும்போது உப்பிக்கொண்டு பவரைக் கூட்டிக்கொள்ளும். வயது ஏற ஏற அது இறுகி, ஐம்பதுகளின் நடுவில் உப்பும் திறனை ஏறக்குறைய முழுவதும் இழந்துவிடும். புதிதாக வைக்கும் செயற்கை லென்ஸும் உப்பாது. கிட்டத்தையும் தூரத்தையும் ஒரே லென்ஸில் காட்ட ஏதாவது ஒரு விட்டுக்கொடுப்பு தேவை. எந்த விட்டுக்கொடுப்பு உங்களுக்குச் சரி என்பதுதான் கேள்வியே.

முதல் படி: சீட்டில் உள்ள எண்கள்

மருத்துவரிடம் போவதற்கு முன் கடைசியாக எழுதிக் கொடுத்த கண்ணாடிச் சீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தூரத்துக்கான பவர் ஒரு வரியிலும், படிப்பதற்காகக் கூட்ட வேண்டிய பவர் 'ஆட்' என்று தனியாகவும் இருக்கும். இந்தச் சிகிச்சையால் உங்களுக்கு எவ்வளவு லாபம் என்பதைப் பெரும்பாலும் தூரப் பவர்தான் சொல்லும்.

தூரத்துக்கே பிளஸ் 2, பிளஸ் 3 என்று இருப்பவர்களுக்கு லாபம் மிக அதிகம். அவர்களுக்குக் கண்ணாடி இல்லாமல் தூரமும் தெளிவில்லை, கிட்டமும் தெரியவில்லை. ஆபரேஷன் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்கிறது. இவர்களில் பலருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பிளஸ் பவர் கண் அளவில் சிறியது. வயதாக ஆக லென்ஸ் தடித்து, கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் குறுகி, ஒருவகைக் கண் அழுத்த நோய் வரலாம். ஐம்பது வயதுக்கு மேல் இந்தக் கோணம் அடைபட்டு அழுத்தமும் ஏறியவர்களுக்கு, லேசரில் ஆரம்பிப்பதைவிடத் தெளிவான லென்ஸையே எடுத்துவிடுவது நல்ல பலன் தருவதாக 2016இல் வெளியான ஈகிள் ஆய்வு காட்டியது.

மைனஸ் 2, மைனஸ் 2.5 உள்ளவர்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். மைனஸ் 2.5 கண்ணுக்குத் தெளிவு விழும் தூரத்தைக் கணக்கிடுவது எளிது: 100 செ.மீ.யை 2.5ஆல் வகுத்தால் 40 செ.மீ. புத்தகத்தை அங்கேதான் பிடிக்கிறோம். அதாவது, இவர்கள் கண்ணாடியைக் கழற்றினாலே பொடி எழுத்தை அற்புதமாகப் படிக்கிறார்கள். எந்தச் செயற்கை லென்ஸும் அதே தரத்தில் கிட்டப்பார்வையைத் திருப்பித் தராது. ஆபரேஷனுக்குப் பின் மிகவும் வருத்தப்படுபவர்கள் இந்தக் குழுவில்தான் அதிகம். "முன்னே கண்ணாடியக் கழட்டினா பத்திரிகை படிப்பேனே சார்" என்பார்கள்.

மைனஸ் 6, மைனஸ் 8 என்று கனமான கண்ணாடி போடுபவர்களுக்குப் பார்வையில் கிடைக்கும் மாற்றம் பெரிது. ஆனால் ஆபத்தும் பெரிது. அவர்களுடைய கண் நீளமானது, விழித்திரை மெலிந்தது. லென்ஸை எடுத்த பிறகு வரும் ஆண்டுகளில் விழித்திரை பிரிந்துவிடும் வாய்ப்பு நீளமான கண்ணில் கூடுகிறது. அறுபதுக்குக் கீழ் வயது, ஆண் என்பதும் சேர்ந்தால் இன்னும் கூடும். விழித்திரை நிபுணர் கண்பாவையை விரிக்க மருந்து போட்டு, ஓரம் வரை பார்த்துவிட்டுச் சொல்லாமல் இவர்கள் இதில் இறங்கவே கூடாது.

தூரத்துக்கு எண்ணே இல்லை, ஆட் மட்டும் பிளஸ் 2 என்றால்? என்னைக் கேட்டால் காத்திருக்கச் சொல்வேன். கிட்டத்தைப் பெறுவதற்காக அருமையான தூரப்பார்வையில் கொஞ்சத்தைக் கொடுக்கிறீர்கள். இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டில் பலருக்குப் புரை எப்படியும் வரும். அப்போது இதே லென்ஸை ஒரு நோய்க்கான சிகிச்சையாகவே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: அளவுகள்

இனி ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டில் ஜவுளிக்கடை நடத்தும் 54 வயது அம்மா. தூரத்துக்கு இரண்டு கண்ணிலும் பிளஸ் 2.5, ஆட் பிளஸ் 2.25. கிட்டத்தில் துணியின் இழை பார்க்க மொத்தம் பிளஸ் 4.75 வேண்டும். நாள் முழுக்கப் பில், செல்போன், வாடிக்கையாளர் முகம், அலமாரியின் மேல்தட்டு என்று கண் மாறி மாறி வேலை செய்கிறது. இரவில் வண்டி ஓட்டுவதில்லை. சீட்டைப் பார்த்தாலும் வாழ்க்கையைப் பார்த்தாலும் இவர் பொருத்தமானவர்.

அவருக்கு முதலில் செய்வது பயோமெட்ரி. கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் கருவி ஒளியாலேயே அளக்கும், தொடுவதில்லை. நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் லென்ஸ் பவரில் இரண்டரை டயாப்டருக்கு மேல் தவறிவிடும். சீட்டில் உள்ள எண்களின் அலகும் டயாப்டர்தான். இவருக்கு நீளம் 22.3 மி.மீ. சராசரிக் கண் 23.5 மி.மீ. சுற்றி இருக்கும். இவர் கண் குட்டை என்பதால் 24 டயாப்டரை ஒட்டிய லென்ஸ் தேவைப்படுகிறது.

சிக்கல் வளைவில் வந்தது. முதல் நாள் வலது கண்ணில் 43.8 என்று வந்த எண், அடுத்த வாரம் 44.6 என்று வந்தது. ஒரு வாரத்தில் கருவிழி மாறாது. மாறியது அதன் மேலிருக்கும் கண்ணீர்ப் படலம். மாதவிடாய் நின்ற வயதில், ஏசி கடையில் நாள் முழுக்க இருப்பவருக்குக் கண் உலர்வு மிக சகஜம். உலர்ந்த கண்ணில் எடுத்த அளவை வைத்து லென்ஸ் போட்டால் முக்கால் டயாப்டர் தவறும். அப்புறம் தூரத்துக்குக் கண்ணாடி போட வேண்டியதுதான். அதனால் ஒரு மாதம் உலர்வுக்கான சொட்டு மருந்து, இமைக்கு வெந்நீர் ஒத்தடம், பிறகு மறுபடி அளவு. இரண்டு முறை அளந்து இரண்டும் ஒத்துவந்த பிறகே லென்ஸ் தேர்வு. உங்கள் அளவுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே நாளில், ஒரே தடவை எடுத்த எண்ணை வைத்து அந்த வாரமே தேதி குறித்தால் கொஞ்சம் நிறுத்துங்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அளவுக்கு முன் அதைக் கழற்றி வைக்க வேண்டும். மென் லென்ஸ் என்றால் இரண்டு வாரம், கடின லென்ஸ் என்றால் நான்கு வாரமாவது. முன்பு லேசிக் செய்திருந்தால் அந்தப் பழைய அளவுகளையும் தேடி எடுத்துப் போங்கள். லேசிக் செய்த கருவிழியில் வழக்கமான கணக்கு பிசகும்.

அடுத்து ஓசிடி. விழித்திரையின் நடுப்பகுதியை அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் சோதனை. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். நடுவிழித்திரையில் வீக்கமோ பழுதோ, கண் அழுத்த நோயால் நரம்பில் சேதமோ இருந்தால், கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஒளியைப் பிரிக்கும் லென்ஸ் வேண்டவே வேண்டாம். புரோஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் மாத்திரை எடுக்கும் ஆண்கள், எப்போதோ எடுத்து நிறுத்தியிருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த மருந்து கண்பாவையைச் சுற்றியுள்ள தசையைத் தளரவைத்துவிடும். தெரிந்திருந்தால் அதற்கேற்ப ஆயத்தம் செய்வார்கள்.

மூன்றாம் படி: எந்த லென்ஸ்

வீட்டில் ஒரு அளவு டேப்பை எடுங்கள். செல்போனை வழக்கமாகப் பிடிக்கும் தூரம், கணினித் திரை இருக்கும் தூரம், தைக்கவோ சாமி படத்துக்குப் பூ கட்டவோ பிடிக்கும் தூரம் ஆகியவற்றை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். "எல்லாம் தெரியணும்" என்று சொல்வதைவிட இது பல மடங்கு உதவும்.

டிரைஃபோக்கல் லென்ஸின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வளையங்கள் இருக்கும். உள்ளே வரும் ஒளியைத் தூரம், நடுத்தூரம், கிட்டம் என்று மூன்றாகப் பிரித்துவிடும். கிட்டம் 40 செ.மீ. சுற்றி விழும். நடுத்தூரம் தயாரிப்பைப் பொறுத்து 60 அல்லது 80 செ.மீ. பெரும்பாலோர் அன்றாட வேலைக்குக் கண்ணாடியே எடுக்க மாட்டார்கள். இதற்குக் கொடுக்கும் விலை, இரவில் எதிர்வரும் வண்டி விளக்கைச் சுற்றித் தெரியும் வளையம், மங்கிய வெளிச்சத்தில் கொஞ்சம் குறையும் தெளிவு. மூளை இதைப் புறக்கணிக்கக் கற்றுக்கொள்ள மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். சிலருக்கு அது மறைவதே இல்லை. இரவு பஸ், லாரி, டாக்ஸி ஓட்டுபவர்கள் இதைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நல்லது.

ஈடாஃப் லென்ஸ் தெளிவு விழும் தூரத்தைக் கொஞ்சம் நீட்டிக் கொடுக்கும். தூரமும் கணினியும் நன்றாக இருக்கும், வளையத் தொல்லை பொதுவாகக் குறைவு. ஆனால் மருந்துச் சீட்டின் பொடி எழுத்துக்குப் பலருக்கும் கண்ணாடி தேவைப்படும். கண்ணாடியே வேண்டாம் என்பவருக்கு இதை வைத்தால் ஏமாற்றம்தான்.

மூன்றாவது வழி, ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவு தரும் சாதாரண ஒற்றைக்குவிய லென்ஸையே வைத்து, இரண்டில் மூளை அதிகம் நம்பும் ஓங்கிய கண்ணைத் தூரத்துக்கும் மற்றதை மைனஸ் 1.25 போல விட்டுக் கிட்டத்துக்கும் பழக்குவது. செலவு குறைவு, இரவு வெளிச்சத்தில் வளையம் குறைவு. சிலருக்கு இரு கண்ணும் ஒத்துழைக்காமல் தலை சுற்றும். இதில் ஒரு பெரிய வசதி உண்டு: கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஒரு வாரம் முன்கூட்டியே வாழ்ந்து பார்க்கலாம். டிரைஃபோக்கலை அப்படிச் சோதிக்கவே முடியாது. என் அனுபவத்தில் இந்த வழியை மருத்துவமனையில் அவர்களாகச் சொல்வது குறைவு. நீங்களே கேளுங்கள்.

ஈரோட்டு அம்மாவுக்கு வலது கருவிழியில் 1.25 டயாப்டர் சிலிண்டர் இருந்தது, அதாவது கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே அளவு வளைந்திருக்கவில்லை. ஒளியைப் பிரிக்கும் லென்ஸ் சிலிண்டரைச் சகிக்காது, எல்லாத் தூரமும் மங்கும். அதனால் வலதுக்குச் சிலிண்டரையும் சேர்த்துத் திருத்தும் டோரிக் டிரைஃபோக்கல், இடதுக்குச் சாதாரண டிரைஃபோக்கல். டோரிக் லென்ஸ் சரியான கோணத்தில் உட்கார வேண்டும். பத்து டிகிரி திரும்பினாலே மூன்றில் ஒரு பங்கு பலன் போய்விடும். அப்படித் திரும்பினால் பொதுவாக முதல் சில நாட்களிலேயே திரும்பும். ஆபரேஷன் முடிந்ததும் தெளிவாக இருந்து, ஒரு வாரத்தில் நிழலடித்ததுபோல் இரட்டையாகத் தெரிந்தால் இதைச் சந்தேகித்து உடனே காட்டுங்கள். ஆரம்பத்தில் திருப்பி வைப்பது எளிது.

பணம்

தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் ஒரு கண்ணுக்கு ஒற்றைக்குவிய லென்ஸ் என்றால் ஏறக்குறைய 25,000 முதல் 50,000 ரூபாய், டிரைஃபோக்கல் என்றால் 60,000 முதல் ஒன்றரை லட்சம் வரை கேட்கிறார்கள். ஊரையும் லென்ஸ் தயாரிப்பையும் பொறுத்து மாறும். ஈடாஃப் இடையில் வரும். டோரிக் என்றால் கூடுதல். ஈரோட்டு அம்மாவின் கணக்கை இப்படி எழுதலாம்: வலது 1,10,000, இடது 95,000, சோதனைகள் 5,000, சொட்டு மருந்துகள் 3,000. பின்னால் லேசர் தேவைப்பட்டால் என்று 10,000 ஒதுக்கினால் மொத்தம் 2,23,000 ரூபாய்.

மருத்துவக் காப்பீட்டை நம்பித் தேதி குறிக்காதீர்கள். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விலக்குகளில், 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டைத் திருத்தும் செலவும் ஒன்று. பிளஸ் 2.5 உள்ளவருக்கு அது கிடைக்காது. "புரை என்று எழுதிக் கிளெய்ம் போட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பொய்யான நோயை உங்கள் பெயரில் எழுதினால் பாலிசியே ரத்தாகலாம். பணம் கட்டும் முன் இரண்டைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: பவர் தவறினால் லேசரில் திருத்தித் தருவது இந்தத் தொகைக்குள் அடங்குமா? லென்ஸ் ஒத்துவராவிட்டால் மாற்றித் தர என்ன செலவு?

ஆபரேஷன் நாளும் அடுத்த வாரங்களும்

மரத்துப்போகும் சொட்டு மருந்துதான், ஊசி பெரும்பாலும் இல்லை. கருவிழியின் ஓரத்தில் இரண்டரை மில்லிமீட்டர் அளவு வெட்டு. லென்ஸைச் சுற்றியுள்ள திராட்சைத் தோல் போன்ற மெல்லிய உறையின் முன்பக்கத்தில் வட்டமாகத் திறந்து, உள்ளிருப்பதை மீயொலி அதிர்வால் உடைத்து உறிஞ்சி, அதே உறைக்குள் மடித்த புது லென்ஸை விரிப்பார்கள். கால் மணி, இருபது நிமிடம். தையல் பொதுவாக இல்லை. அன்றே வீடு. இரண்டாவது கண்ணை வேறொரு நாளில் செய்யச் சொல்லுங்கள். முதல் கண் எந்தப் பவரில் வந்து நின்றது என்று பார்த்து இரண்டாவதன் லென்ஸை நுணுக்கமாகத் திருத்த அது வாய்ப்புத் தருகிறது.

கண்ணுக்குள் கிருமி புகுவதுதான் மிகவும் அஞ்சும் ஆபத்து. அரிது, ஆனால் பார்வையையே எடுத்துவிடும். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்த ஆறு லட்சம் புரை ஆபரேஷன்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், முடிவில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தியபோது இந்தத் தொற்று பத்தாயிரத்துக்கு ஏழிலிருந்து இரண்டாகக் குறைந்தது. உங்கள் மருத்துவர் அதைச் செலுத்துவாரா என்று கேட்பதில் தவறில்லை. இரண்டு வாரம் தலைக்குக் குளிக்க வேண்டாம், கண்ணைக் கசக்க வேண்டாம், தூங்கும்போது மூடி போடுங்கள், சொட்டு மருந்தை நாலு வாரமும் எழுதியபடி போடுங்கள்.

முதல் வாரத்தில் வலி கூடுகிறது, சிவப்பு கூடுகிறது, நேற்றைவிட இன்று பார்வை மங்குகிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் அன்றே போங்கள், சொட்டைக் கூட்டிப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நாலு முதல் ஆறு வாரத்துக்குள் வலியில்லாமல் நடுப்பார்வை மட்டும் மங்கினால் விழித்திரை வீக்கமாக இருக்கலாம், பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே அடங்கும். எத்தனை மாதம், எத்தனை ஆண்டு கழித்தும் திடீரென்று மின்னல் வெட்டு, கரும்புள்ளிக் கூட்டம், ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் தெரிந்தால் அது விழித்திரை. அதே நாளில் காட்ட வேண்டும்.

ஈரோட்டு அம்மாவைப் போன்றவர் மூன்றாம் வாரம் பில்லைக் கண்ணாடி இல்லாமல் படிப்பார். அடர்நிறத் துணியில் இழை எண்ண நல்ல விளக்கு தேவைப்படும். இரவில் வீதி விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். இது எதிர்பார்த்ததுதான். ஆறு மாதம் பொறுக்கலாம்.

பொறுத்தும் தெளிவு திருப்தியாக இல்லை என்றால், அடுத்து நடப்பதன் வரிசை மிக முக்கியம். லென்ஸைத் தாங்கும் உறையின் பின்பக்கம் சில மாதத்திலோ ஆண்டுகளிலோ மங்குவது சகஜம். யாக் லேசரால் அதில் சிறு துளை போட்டு, ஐந்து நிமிடத்தில் தெளிவாக்குவார்கள். ஆனால் துளை போட்ட பிறகு லென்ஸை வெளியே எடுத்து மாற்றுவது கடினமும் ஆபத்தும் ஆகிவிடும். பார்வை முதல் நாளிலிருந்தே சரியில்லை என்றால் குறை லென்ஸில் இருக்கலாம். முதலில் நன்றாக இருந்து பிறகு மங்கினால் உறையில் இருக்கலாம். முதல் வகைக்காரர் யாக் போடும் முன், கண் உலர்வு, மிச்சப் பவர், விழித்திரை மூன்றையும் பார்க்கச் சொல்லி, லென்ஸ் மாற்றும் எண்ணம் உண்டா இல்லையா என்பதை முடிவு செய்துவிட வேண்டும். ஆபரேஷன் அன்று தரும் லென்ஸ் அட்டையில் தயாரிப்பு, பவர், வரிசை எண் எல்லாம் இருக்கும். வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான், பத்திரமாக வையுங்கள்.